யார் நம்மவர்? – 7: தாத்தா எங்கே பிறந்தார்?

சென்ற வாரம் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தின் தெருமுனையில் கூட்டத்தோடு நின்றிருந்தோம். 1918 நவம்பர் 22. ஜெனரல் கூரோ தலைமையில் பிரெஞ்சுப் படை ஊருக்குள் நுழைகிறது. 47 ஆண்டுகள் ஜெர்மனியின் கையில் இருந்த அல்சாஸ், மறுபடியும் பிரான்சின் கைக்கு வருகிறது. ஜன்னல்களில் மூவர்ணக் கொடிகள். வீரர்களைக் கட்டிப் பிடித்து அழும் கிழவர்கள்.

டிசம்பர் 9 அன்று ஜனாதிபதி புவான்கரேயும் பிரதமர் கிளெமென்சோவும் வந்து சேர்ந்தார்கள். அப்போது ஒரு கேள்வி உலக அரங்கில் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த மக்கள் எந்த நாட்டோடு இருக்க விரும்புகிறார்கள் என்று அவர்களிடமே ஓட்டெடுத்துக் கேட்டால் என்ன? புவான்கரே எதிரே இருந்த ஜனத்திரளைப் பார்த்தார். வாக்கெடுப்பு நடந்து முடிந்துவிட்டது என்று அறிவித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

இதற்கு ஐந்தே நாள் கழித்து, டிசம்பர் 14 அன்று, ஓர் ஆணை வெளியானது. அல்சாஸ்-லொரேனில் வசிக்கும் ஒவ்வொருவரும் அடையாள அட்டை வாங்க வேண்டும். அட்டையில் நான்கு வகை: ஏ, பி, சி, டி. உங்களுக்கு எது என்பதை உங்கள் விருப்பம் முடிவு செய்யாது. உங்கள் அப்பா அம்மா எங்கிருந்து வந்தவர்கள் என்பதுதான் முடிவு செய்யும்.

ஒரே வீட்டில் அம்மாவுக்கு ஏ, அப்பாவுக்கு டி, பிள்ளைகளுக்கு பி என்று அட்டைகள் வந்தன. 'தேசம் என்பது ரத்தமல்ல, மனம்' என்று அரை நூற்றாண்டாக உலகுக்கே பாடம் சொன்ன பிரான்ஸ்தான் இந்த அட்டைகளை அச்சடித்தது.

இது எப்படி நடந்தது? பதில் தெரிய 1870-க்குப் போக வேண்டும்.

இரண்டு வரலாற்றாசிரியர்களின் சண்டை

1870 ஆகஸ்டில் பிரஷ்யப் படைகள் ஸ்ட்ராஸ்பூர்க்கை முற்றுகையிட்டன. ஆகஸ்ட் 24 இரவு விழுந்த குண்டுகளில் நகர நூலகம் தீப்பிடித்து எரிந்தது. பல நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகள் ஒரே இரவில் சாம்பலாயின. செப்டம்பர் இறுதியில் நகரம் சரணடைந்தது.

பீரங்கிகள் ஓயும் முன்பே பேனாக்கள் கிளம்பின. ரோமானிய வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற ஜெர்மன் அறிஞர் தியோடோர் மோம்சன், இத்தாலியர்களுக்குத் திறந்த கடிதங்கள் எழுதி ஜெர்மனியின் தரப்பை எடுத்துவைத்தார். அல்சாஸ் மக்கள் பேசுவது ஜெர்மானியக் கிளைமொழி. அவர்களின் வம்சமும் ஜெர்மானியம். எனவே இது அடுத்தவன் நிலத்தைப் பறிப்பது ஆகாது, நம்முடையதை நாம் மீட்பதே ஆகும் என்பது அந்தத் தரப்பின் சாரம்.

அக்டோபர் 27 அன்று பாரீசிலிருந்து பதில் வந்தது. எழுதியவர் ஃபுஸ்டெல் தெ கூலாஞ்ஜ். ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ பத்தாண்டுகள் வரலாறு கற்பித்தவர். அந்த ஊர் மாணவர்களின் வீட்டு மொழி அவர் காதில் தினமும் விழுந்த ஒன்று. அவர் மோம்சனின் ஆதாரத்தை மறுக்கவே இல்லை. மொழி ஜெர்மானியமாகவே இருக்கட்டும், வம்சமும் அப்படியே இருக்கட்டும். அதனால் என்ன என்று கேட்டார். ஒரு மக்கள்கூட்டம் ஒன்றாக வாழ்ந்த நினைவும், ஒன்றாக வாழ வேண்டும் என்ற எண்ணமும்தான் அதைத் தேசமாக்குகிறது. அல்சாஸ் மக்கள் பிரெஞ்சுக்காரர்களாக இருக்க விரும்புகிறார்கள், ஆகவே அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். வாதம் அத்தோடு முடிந்தது.

1882 மார்ச் 11 அன்று சொர்போன் பல்கலைக்கழக மேடையில் எர்னெஸ்ட் ரெனான் இதே கருத்தை இன்னும் விரித்துப் பேசினார். தேசம் என்பது நாள்தோறும் நடக்கும் வாக்கெடுப்பு என்ற புகழ்பெற்ற உவமை அந்தப் பேருரையில் வந்ததுதான்.

இன்று பாடநூல்கள் 'இனத் தேசியம்', 'குடிமைத் தேசியம்' என்று இரண்டாகப் பிரித்து எழுதும்போது, முதலாவதற்கு மோம்சனின் ஜெர்மனியையும் இரண்டாவதற்கு ரெனானின் பிரான்சையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். இந்தப் பாகுபாடு பிறந்த இடமே அல்சாஸ்தான் என்றுகூடச் சொல்லலாம். இரண்டு தரப்புமே ஒரு நிலம் யாருக்குச் சேர வேண்டும் என்ற வழக்கில் எழுதப்பட்ட வாதங்கள் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் இது தேவைப்படும்.

கால்களால் போட்ட ஓட்டு

1871 மே 10 அன்று பிராங்க்ஃபர்ட் ஒப்பந்தம் கையெழுத்தானது. அல்சாஸும் லொரேனின் ஒரு பகுதியும் ஜெர்மனிக்குப் போயின. மக்களிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தின் இரண்டாவது ஷரத்தில் ஒரு சிறு கதவு திறந்து வைக்கப்பட்டிருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் 1872 அக்டோபர் 1-க்குள் அறிவிக்கலாம்.

நிபந்தனை ஒன்று உண்டு. அறிவித்தால் மட்டும் போதாது, வீட்டைக் காலி செய்துகொண்டு பிரான்சுக்குக் குடிபோக வேண்டும்.

அல்சாஸ்-லொரேனில் ஏறத்தாழ 1,60,000 பேர் 'நான் பிரெஞ்சுக்காரன்' என்று எழுதிக் கொடுத்தார்கள். நிலத்தையும் கடையையும் திராட்சைத் தோட்டத்தையும் விட்டுவிட்டுக் கெடுவுக்குள் உண்மையிலேயே வெளியேறியவர்கள் சுமார் 50,000 பேர். மிச்சப் பேருடைய அறிவிப்புகளை ஜெர்மன் அதிகாரிகள் செல்லாது என்று தள்ளினார்கள். போனவர்களில் ஜெர்மன் ராணுவத்தில் ஆள் எடுப்பார்களே என்று அஞ்சிய இளைஞர்கள் நிறைய.

ஆக, 'விருப்பம்' என்ற கொள்கைக்கு ஜெர்மனியும் இடம் கொடுத்தது. ஆனால் அதன் விலையைச் சொத்தாக நிர்ணயித்தது. விலையைக் கொடுக்க முடியாதவர்கள் ஜெர்மானியர் ஆனார்கள்.

சரி, ரத்தத்தால் நம்மவர் என்று சொல்லி எடுத்துக்கொண்டவர்களை ஜெர்மனி எப்படி நடத்தியது?

'நம் ரத்தம்தான், ஆனாலும்…'

பவேரியாவைப் போலவோ சாக்சனியைப் போலவோ அல்சாஸ்-லொரேனுக்கு ஜெர்மன் பேரரசின் உறுப்பு மாநிலம் என்ற தகுதி கிடைக்கவில்லை. பேரரசுக்குப் பொதுவான நிலம் என்று பெயரிட்டு, பெர்லினிலிருந்து அதை நேரடியாக ஆண்டார்கள். 1911-இல்தான் ஓர் அரசியலமைப்பு கிடைத்தது. அதுவும் அரைகுறை. ரயில்வே, தபால், கல்வி, நிர்வாகம் என்று பெரிய உத்தியோகங்களுக்கு ஜெர்மனியின் மற்றப் பகுதிகளிலிருந்து ஆட்கள் வந்து குடியேறினார்கள்.

அல்சாஸ்காரரைப் பற்றி ஜெர்மன் ராணுவம் என்ன நினைத்தது என்பது 1913-இல் ஸாபெர்ன் என்ற சிற்றூரில் வெளிப்பட்டது. ஃபோர்ஸ்ட்னர் என்ற 20 வயது லெப்டினென்ட், புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களிடம் உள்ளூர்க்காரர்களை இழிசொல்லால் திட்டினார். வம்புக்கு வருபவனைக் குத்தினால் பத்து மார்க் தருவதாகவும் சொன்னார். செய்தி பத்திரிகைகளில் வந்ததும் ஊர் கொதித்தது. நவம்பர் 28 அன்று ராணுவம் தெருவில் இறங்கி, கண்ணில் பட்டவர்களைப் பிடித்து ஒரு நிலவறையில் இரவு முழுக்க அடைத்து வைத்தது. சில நாள் கழித்து அதே லெப்டினென்ட், கால் ஊனமுற்ற ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியை வாளால் தாக்கினார். ஜெர்மன் நாடாளுமன்றம் 293-க்கு 54 என்ற வாக்கில் அரசைக் கண்டித்தது. ஆனால் ராணுவ நீதிமன்றம் பொறுப்பான கர்னலை விடுவித்துவிட்டது.

அதே 1913-இல்தான், ஜூலை 22 அன்று, ஜெர்மனியின் புகழ்பெற்ற குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. ஜெர்மானியனுக்குப் பிறந்தவன் உலகத்தின் எந்த மூலையில் வாழ்ந்தாலும் ஜெர்மானியன். ஜெர்மன் மண்ணிலேயே பிறந்து வளர்ந்தாலும் அந்நியனின் பிள்ளை அந்நியன். பல்லாயிரம் மைல் தொலைவில் பிரேசிலில் வாழும் ஜெர்மன் வம்சாவளிக்காரரை அணைத்துக்கொண்ட நாடு, ரைன் நதிக்கரையில் தன் ஆட்சியிலேயே வாழ்ந்த அல்சாஸ்காரரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது.

மறு கரையில் பிரான்ஸ் அவரை எப்படிப் பார்த்தது? நம் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒருவரையே சாட்சிக்கு அழைப்போம்.

லாம்பரெனே மருத்துவர்

ஆல்பர்ட் ஷ்வைட்சர். பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற அதே மருத்துவர். 1875-இல் அல்சாஸின் கைசர்ஸ்பெர்க்கில் பிறந்தார். பெற்றோர் பிறந்தபோது அந்த மண் பிரான்சாக இருந்தது. அவர் பிறந்தபோது ஜெர்மனி. எனவே சட்டப்படி அவர் ஜெர்மன் பிரஜை. 1913-இல் பிரெஞ்சுக் காலனியாக இருந்த காபோனுக்குப் போய், லாம்பரெனேயில் மருத்துவமனை தொடங்கினார்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டதும், பிரெஞ்சு அதிகாரிகள் அவரையும் அவர் மனைவியையும் 'எதிரி நாட்டவர்' என்று அவர்கள் வீட்டிலேயே காவலில் வைத்தார்கள். வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய்கள். 1917-இல் இருவரையும் கப்பலேற்றிப் பிரான்சுக்குக் கொண்டுபோய், முதலில் பிரனீஸ் மலையடிவாரத்தில் கரெசோன் முகாமிலும், பிறகு சேன்-ரெமியில் ஒரு பழைய மடத்திலும் அடைத்து வைத்தார்கள். 1918 ஜூலையில் கைதிப் பரிமாற்றத்தில்தான் விடுதலை.

அவருடைய மண்ணை மீட்பதற்காகவே லட்சக்கணக்கில் உயிர்ப்பலி கொடுத்துப் போரிடுகிறோம் என்று சொன்ன அரசு, அந்த மண்ணின் மகனைக் கம்பிவேலிக்குள் வைத்திருந்தது. போர் முடிந்தபின் அவருக்கு என்ன ஆயிற்று? அதைச் சொல்ல முதலில் அந்த நான்கு அட்டைகளையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஏ, பி, சி, டி

ஏ அட்டையில் மூவர்ணக் கோடு இருக்கும். 1871-இல் நிலம் கைமாறாமல் இருந்திருந்தால் இவர் பிரெஞ்சுக்காரராகவே இருந்திருப்பார் என்று காட்ட முடிந்தவர்களுக்கு அது. பி அட்டையில் இரண்டு சிவப்புக் கோடுகள். அப்பா அம்மாவில் ஒருவர் மட்டும் வெளியிலிருந்து வந்தவர் என்றால் பி. சி அட்டையில் இரண்டு நீலக் கோடுகள். பெற்றோர் இருவருமே சுவிட்சர்லாந்து, இத்தாலி போன்ற நடுநிலை அல்லது நேச நாட்டவர். டி அட்டையில் கோடே கிடையாது. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி போன்ற எதிரி நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அது. பிள்ளை ஸ்ட்ராஸ்பூர்க்கிலேயே பிறந்திருந்தாலும் டி-தான்.

சுமார் 10.8 லட்சம் பேருக்கு ஏ கிடைத்தது. 1.8 லட்சம் பேருக்கு பி. 55,000 பேருக்கு சி. டி அட்டை மட்டும் 5.1 லட்சத்துக்கு மேல். ஏறத்தாழ மூன்றரைப் பேருக்கு ஒருவர் 'எதிரி'.

அட்டையின் எழுத்து அன்றாட வாழ்க்கையில் புகுந்தது. கையில் இருந்த ஜெர்மன் மார்க்கைப் பிராங்காக மாற்றப் போனால், ஏ அட்டைக்காரருக்கு ஒரு மார்க்குக்கு 1.25 பிராங்க் கிடைத்தது. டி அட்டைக்காரருக்குச் சந்தை விலைதான், அது வெகு கீழே கிடந்தது. அதாவது ஒரே தெருவில் ஒரே அளவு சேமித்த இரண்டு குடும்பங்களில், ஒன்று ஒரே நாளில் தன் சேமிப்பில் பெரும்பங்கை இழந்தது. ஏ அட்டைக்காரர் தடையின்றிப் பயணம் போகலாம். டி அட்டைக்காரருக்குக் கட்டுப்பாடு. வேலை, பதவி எல்லாவற்றிலும் அந்த எழுத்து முன்னால் வந்து நின்றது.

அட்டையோடு முடியவில்லை. 'தரம்பிரிக்கும் குழுக்கள்' என்று அமைத்தார்கள். ஏ அட்டை வைத்திருந்தாலும், போர்க்காலத்தில் ஜெர்மன் பக்கம் சாய்ந்து பேசினார் என்று யாராவது புகார் கொடுத்தால், குழு முன் போய் நிற்க வேண்டும். மொட்டைக் கடுதாசிகள் குவிந்தன. பங்காளிச் சண்டை, கடைக்காரர் போட்டி, பழைய காதல் பகை எல்லாம் தேசபக்தி வேடம் போட்டுக்கொண்டு வந்தன.

ஜெர்மானியர்கள் பலரை ஊரைவிட்டே வெளியேற்றவும் செய்தார்கள். வெளியேற்றப்பட்டவர்கள், அனுமதிக்கப்பட்ட சிறு மூட்டை முடிச்சோடும் குறிப்பிட்ட அளவு பணத்தோடும் ரைன் நதிப் பாலத்தைக் கடந்து கேல் நகருக்குப் போனார்கள். வீடும் மேசை நாற்காலியும் பின்னால் நின்றன. இருபுறமும் கூடிய கூட்டம் ஏளனம் செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டும் தாமாகவும் அல்சாஸ்-லொரேனை விட்டுப் போன ஜெர்மானியர் ஒரு லட்சத்துக்கும் மேல்.

அட்டை தற்காலிக ஏற்பாடுதானே, நிரந்தரச் சட்டம் வந்தால் நியாயம் கிடைக்கும் என்று பலர் நம்பினார்கள். சட்டம் வந்தது.

மூன்று வீடுகள், ஒரு தேதி

1919 ஜூன் 28 அன்று கையெழுத்தான வெர்சாய் ஒப்பந்தத்தில் அல்சாஸ்-லொரேனுக்குத் தனிப் பகுதி உண்டு. அதன் பின்னிணைப்பில்தான் யார் பிரெஞ்சுக்காரர் என்ற விதி இருக்கிறது. நுணுக்கமான விதி. கற்பனையாக மூன்று வீடுகளை வைத்துக்கொண்டால் எளிதில் புரியும். மூன்றும் கோல்மார் நகரில் ஒரே தெருவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் வீடு. அப்பா பரம்பரை பரம்பரையாக கோல்மார்க்காரர். அம்மா 1890-இல் பாடனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஜெர்மன் பெண். பிள்ளைகளுக்கு பி அட்டை. ஒப்பந்தம் சொல்வது: 1871-இல் பிரெஞ்சுக் குடியுரிமையை இழந்தவரின் வழித்தோன்றல்கள் தாமாகவே பிரெஞ்சுக்காரர் ஆகிவிடுவார்கள், தந்தைவழி முன்னோரில் 1870 ஜூலை 15-க்குப் பிறகு குடியேறிய ஜெர்மானியர் இல்லாதவரை. தந்தைவழி சுத்தம். எனவே பிள்ளைகள் தானாகவே பிரெஞ்சுக்காரர்.

இரண்டாவது வீடு. அம்மா பரம்பரை கோல்மார்க்காரி. அப்பா 1890-இல் பாடனிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். பிள்ளைகளுக்கு இங்கேயும் பி அட்டைதான். முதல் வீட்டுப் பிள்ளைகளோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒரே பேச்சுமொழி. ஆனால் தந்தைவழியில் ஒரு ஜெர்மானியர் இருக்கிறார். எனவே தானாகக் குடியுரிமை கிடையாது. அம்மாவழியைக் காட்டி மனுப் போடலாம். அதிகாரிகள் தனிப்பட்ட காரணம் காட்டி நிராகரிக்கவும் செய்யலாம். முதல் வீட்டுப் பிள்ளைக்கு உரிமை, இவர்களுக்கு விண்ணப்பம். ஒருவருக்கு அம்மா பாடன், இன்னொருவருக்கு அப்பா பாடன். வேறு வித்தியாசம் இல்லை.

அந்த அப்பாவுக்கு என்ன வழி? பிரெஞ்சுக் குடியுரிமை திரும்பக் கிடைத்த ஒருவரின் கணவர் அல்லது மனைவி என்ற முறையில் அவரும் கோரலாம் என்று ஒப்பந்தத்தில் இடமிருந்தது. ஆனால் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1920 ஜனவரி 10 அன்று. அதற்கு முன்பே பலர் கேல் பாலத்தைக் கடந்துவிட்டார்கள்.

மூன்றாவது வீடு. அப்பா, அம்மா இருவரும் 1890-இல் வந்த ஜெர்மானியர்கள். பிள்ளைகள் கோல்மாரில் பிறந்தவர்கள், ஜெர்மனியைப் பார்த்ததுகூட இல்லை. டி அட்டை. இவர்களுக்கு இருந்த ஒரே வழி, அந்நியர் கேட்பதுபோல் குடியுரிமை கேட்பது. அதற்கும் போருக்கு முன்பிருந்தே அங்கே வசித்திருக்க வேண்டும், 1918 நவம்பர் 11-லிருந்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வசிக்கவும் வேண்டும். நடுவில் வெளியேற்றிவிட்டால் அந்த மூன்று ஆண்டுக் கணக்கு எங்கே முடியும்?

'பிரான்சை விரும்புகிறாயா?' என்ற கேள்வி இந்த விதியின் மையத்தில் இல்லை. ஷ்வைட்சரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் 1871-இல் பிரெஞ்சுக் குடியுரிமையை இழந்தவர்கள், தந்தைவழியில் குடியேறிய ஜெர்மானியர் இல்லை. எனவே 1918 நவம்பர் 11 தேதியிட்டு அவர் தாமாகவே பிரெஞ்சுக் குடிமகன். நான்கு மாதத்துக்கு முன்புவரை அவரை எதிரியாக அடைத்து வைத்த நாடு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அவரைத் தன் குடிமகனாக்கியது. சேர்த்துக்கொண்டபோதும் மனத்தைக் கேட்கவில்லை, தள்ளியபோதும் கேட்கவில்லை.

கொள்கை எங்கே போயிற்று?

பிரான்சுக்கு மண்ணில் பிறந்தவரைச் சேர்த்துக்கொள்ளத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 1889 ஜூன் 26-இலேயே அதற்குச் சட்டம் போட்டிருந்தது. பிரான்சில் பிறந்த ஒருவருக்குப் பிரான்சில் பிறக்கும் பிள்ளை, பிறக்கும்போதே பிரெஞ்சுக்காரர். அந்நியருக்குப் பிரான்சில் பிறந்து அங்கேயே வளர்ந்த பிள்ளையும் வயது வரும்போது பிரெஞ்சுக்காரர் ஆகிவிடும்.

அந்தச் சட்டத்துக்குத் தூண்டுதல் தத்துவத்தைவிடப் பட்டாளக் கணக்குதான். வடக்கு எல்லை மாவட்டங்களில் பெல்ஜியர்களின் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். பிரெஞ்சு இளைஞன் ஆண்டுக்கணக்கில் ராணுவச் சேவைக்குப் போக, பெல்ஜியன் மகன் ஊரிலேயே இருந்து வேலையைப் பிடித்துக்கொள்கிறான் என்ற முணுமுணுப்பு வலுத்தது. சேர்த்துக்கொண்டால் அவனும் பட்டாளத்துக்கு வருவான். அதே நேரத்தில், பிரெஞ்சு மண் என்று சட்டம் சொன்ன அல்ஜீரியாவில் பிறந்த முஸ்லிம்களுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை. அவர்கள் குடிமக்களாக எண்ணப்படவில்லை, ஆளப்படுபவர்களாகவே இருந்தார்கள்.

இந்த 1889 விதியை அல்சாஸுக்குப் பொருத்தியிருந்தால் மூன்றாவது வீட்டுக்காரருக்கு கோல்மாரில் பிறக்கும் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சுக்காரர்களாகவே பிறந்திருப்பார்கள். பொருத்த முடியாததற்கு ஒரு சட்டக் காரணம் இருந்தது. 1871-க்கும் 1918-க்கும் இடையில் அங்கே பிறந்தவர் பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தவர் ஆகமாட்டார். அரசியல் காரணம் அதைவிடப் பெரியது. 1871-இல் நடந்தது வெறும் பறிப்பு, அதைத் துடைத்து எறிந்து பழைய நிலைக்குத் திரும்புகிறோம் என்பதுதான் பிரான்சின் வழக்கு. பழைய நிலை என்றால் 1870 ஜூலை 15-க்கு முன் இருந்த மக்கள். அந்த மக்கள் யார் என்று 1919-இல் கண்டுபிடிக்க வேண்டுமானால் தாத்தாவைத் தேடித்தான் ஆக வேண்டும். ஓட்டெடுப்பு நடத்தாததற்கும் இதே தர்க்கம். என் வீட்டுக்குத் திரும்ப நான் ஏன் ஓட்டுக் கேட்க வேண்டும் என்றது பிரான்ஸ். 47 ஆண்டுகளில் குடியேறியவர்களும் வாக்களிப்பார்களே என்ற அச்சமும் உள்ளே இருந்தது.

இப்போது மோம்சனையும் ஃபுஸ்டெலையும் திரும்பிப் பாருங்கள். இருவருமே ஒரு நிலத்தின் மீது உரிமை கோரத்தான் வாதிட்டார்கள். நிலத்தைக் கோரும்போது ஜெர்மனி ரத்தம் என்றது, பிரான்ஸ் மனம் என்றது. நிலம் கைக்கு வந்தபின் அதில் வாழும் ஆட்களைத் தரம் பிரிக்கும் வேலை வந்தது. அப்போது ரத்தம் பேசிய ஜெர்மனி 'இவர்கள் மனம் நம்மிடம் இல்லை' என்று சந்தேகப்பட்டது. மனம் பேசிய பிரான்ஸ் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டது.

ஆகவே ஒரு நாடு எந்த வகைத் தேசியத்தைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் அதன் மேடைப் பேச்சைக் கேட்டுப் பயனில்லை. அதன் குடியுரிமை விண்ணப்பப் படிவத்தில் முதல் கேள்வி என்ன, ஆதாரமாக எந்தக் காகிதம் கேட்கப்படுகிறது, நிராகரித்தால் மேல்முறையீடு எங்கே என்று பார்க்க வேண்டும். நாட்டுக்குள்ளும் அது எல்லாப் பகுதிக்கும் ஒன்றாக இருக்காது. லீல் நகரத்துப் பெல்ஜியன் மகனுக்கு ஒரு பிரான்ஸ், கோல்மார் நகரத்து ஜெர்மன் மகனுக்கு ஒரு பிரான்ஸ், அல்ஜியர்ஸ் முஸ்லிமுக்கு ஒரு பிரான்ஸ். மூன்றும் ஒரே காலத்தில் இருந்தன.

அடுத்த வாரம்

ஏ அட்டை வாங்கி நிம்மதிப் பெருமூச்சு விட்ட குடும்பங்களின் கதையும் அத்தோடு முடியவில்லை. 1940-இல் ஹிட்லரின் படை அல்சாஸுக்குள் நுழைந்தது. இந்த முறை ரத்தம் பேசியவர்களிடம் இயந்திரத் துப்பாக்கி இருந்தது. 1942 ஆகஸ்ட் 25 அன்று வந்த ஆணையின்படி, பிரெஞ்சுக் குடிமக்களான அல்சாஸ் இளைஞர்கள் ஜெர்மானியர் என்று சொல்லப்பட்டு, ஜெர்மன் ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். ஓடிப்போனால் குடும்பத்தைப் பிடிப்பார்கள்.

அவர்களில் சிலரை எஸ்.எஸ். படைப்பிரிவு ஒன்றில் போட்டார்கள். 1944 ஜூன் 10 அன்று அந்தப் பிரிவு ஒராதூர்-சுர்-க்லான் என்ற பிரெஞ்சுக் கிராமத்துக்குள் நுழைந்து, பெண்கள், குழந்தைகள் உட்பட 640-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

1953 ஜனவரி 12 அன்று போர்தோ நகர ராணுவ நீதிமன்றத்தில் அந்த வழக்கு விசாரணைக்கு வந்தது. குற்றவாளிக் கூண்டில் 21 பேர். ஏழு பேர் ஜெர்மானியர். மீதி 14 பேர் அல்சாஸ்காரர்கள், பிரெஞ்சுக் குடிமக்கள். அவர்களில் 13 பேர் கட்டாயமாகப் படையில் இழுக்கப்பட்டவர்கள்.

(தொடரும்)